மேப் 13 சதவீதம்தான், ஆனாலும் நூல் தட்டுது: யார்ன் ஸ்டோரில் ஒரு அளவுகோலின் பயன்பாட்டு அனுபவம்

"ஃபோர்காஸ்ட்டோட மேப் 13 சதவீதத்தைத் தாண்டலீங்க, சேஃப்டி ஸ்டாக்கும் இருக்குது, அப்புறம் எப்படிங்க நூல் தட்டுது?" திருப்பூரில் பனியன் கம்பெனி வைத்திருக்கும் நண்பர் கேட்டது. மேப் என்பது MAPE, ஒவ்வொரு பிழையையும் நிஜத்தில் எடுத்த அளவின் சதவீதமாக்கிப் போடும் சராசரி. பதில் மேப்பில் கிடைக்காது. அதுதான் அதன் மேல் எனக்குள்ள தீராத எரிச்சல்.

நல்லதை முதலில் சொல்லிவிடுகிறேன். மூட்டைக் கணக்கில் வரும் நூலையும் குரோஸ் கணக்கில் வரும் பட்டனையும் ஒரே தராசில் நிறுத்த இதைவிட எளிய அளவு இல்லை. ஆனால் பிழையின் பிளஸ், மைனஸை அழித்துவிட்டுத்தான் சராசரி போடுகிறது.

ஒரு மெலாஞ்ச் நூலுக்கு வாரம் 100 மூட்டை என்று ஃபோர்காஸ்ட். நிட்டிங் எடுத்தது 110, 125, 105, 120. மேப் 12.6 சதவீதம், பார்க்க நன்றாகத்தான் இருக்கிறது. எடுத்ததிலிருந்து ஃபோர்காஸ்ட்டைக் கழித்து D2 முதல் D5 வரை போட்டால், பிழைகளோ 10, 25, 5, 20. நாலும் ஒரே பக்கம். அதாவது பயஸ், வாரத்துக்கு 15 மூட்டை.

```
=AVERAGE(D2:D5)
=STDEV.S(D2:D5)
```

முதல் வரி 15 தரும், இரண்டாவது 9.1. இந்த 9.1, சராசரியைச் சுற்றியுள்ள ஆட்டம் மட்டுமே. 15 அதில் சேரவே சேராது. மில்லிலிருந்து மூட்டை வர நாலு வாரம் என்றால், 95 சதவீத சர்வீஸ் லெவலுக்கு 1.65 × 9.1 × √4, சுமார் 30 மூட்டை சேஃப்டி ஸ்டாக். அதே நாலு வாரத்தில் பயஸ் தின்பது 15 × 4 = 60. ஆட்டம் வர்க்கமூலத்தில்தான் கூடும், ஏதாவது ஒரு வாரம் மேலே போனால் இன்னொரு வாரம் இறங்கும். பயஸ் வாராவாரம் அப்படியே ஏறிக்கொண்டே போகும். லீட் டைம் நீள நீள அடி பெரிது.

சேஃப்டி ஸ்டாக்கை 90 ஆக்கி இதை மூடப் பார்க்கக் கூடாது. ஃபோர்காஸ்ட்டை 115 ஆக்கணும். அதற்கு முன் காரணத்தைத் தேடுங்கள்: புரோகிராம் ஷீட்டில் தைத்த பீஸின் எடையை வைத்தே நூல் கணக்குப் போட்டு, நிட்டிங், கட்டிங் வேஸ்ட்டை விட்டிருப்பார்கள், இல்லையென்றால் ரிப்பீட் ஆர்டரைச் சேர்த்திருக்க மாட்டார்கள். இங்கே நாலு வாரம் விளக்கத்துக்குத்தான். நிஜத்தில் இருபது வாரமாவது பார்த்துவிட்டு முடிவெடுங்கள். சில ஷீட்டில் ஃபோர்காஸ்ட்டிலிருந்து எடுத்ததைக் கழிப்பார்கள், அங்கே குறி தலைகீழாக வரும், அதைக் கவனியுங்கள்.

இன்னொரு கோணல். 100 சொல்லி 50 போனால் மேப் 100 சதவீதம். 50 சொல்லி 100 போனால் 50 சதவீதம்தான். மேப்பை வைத்து இன்சென்டிவ் கொடுத்தால், பிளானர் குறைத்துத்தான் சொல்வார். தட்டுப்பாட்டை நாமே காசு கொடுத்து வாங்குகிறோம். ஒரு வாரம் எடுப்பு சைபர் என்றால் `#DIV/0!`, அது தனிக் கூத்து.

அஞ்சுக்கு ரெண்டு மார்க். மாத ரிப்போர்ட்டிலிருந்து எடுக்கவும் மாட்டேன், முதலாளிகள் கேட்பதே அந்த ஒரு சதவீதத்தைத்தான். பக்கத்துக் கட்டத்தில் பயஸ் இல்லாமல் மட்டும் அது வரக்கூடாது.