விளிம்போர ஆங்கர் போல்ட்: ஆழமாக்கவா, உள்ளே தள்ளவா, கம்பி கட்டவா?

கான்கிரீட் ஊற்றும்போதே பதிக்கிற போல்ட்டை மேலே இழுத்தால், அதன் தலையிலிருந்து ஒரு கூம்பு பெயர்ந்து வரும். அமெரிக்க கான்கிரீட் விதியான ஏசிஐ 318 கணக்கில் அந்தக் கூம்பு ஆழத்தின் ஒன்றரை மடங்கு தூரத்துக்குப் பக்கவாட்டில் விரிகிறது, அதாவது 200 மிமீ ஆழம் என்றால் எல்லாப் பக்கமும் 300 மிமீ. விளிம்பு அதற்குள் வந்துவிட்டால் கூம்பின் ஒரு பக்கம் வெட்டுப்படும், தாங்குதிறனும் குறையும்.

ஓர் எம்20 போல்ட், 4.6 தரம், ஆழம் 200, ஒரே ஒரு விளிம்பு 100 மிமீ தள்ளி, கான்கிரீட் சிலிண்டர் வலிமை 25 MPa, விரிசல் விட்ட கான்கிரீட் என்றே வைத்துக்கொள்வோம். கீழே hef என்பது ஆழம், Nb விளிம்பே இல்லாத முழுக் கூம்பின் வலிமை, ANc/ANco விளிம்பு வெட்டிய பிறகு மிஞ்சும் பரப்பின் பங்கு, ψed விளிம்புக்கான குறைப்பு, Ncb கடைசியில் கிடைக்கும் வலிமை.

```
Nb  = 10 √f'c hef^1.5 = 141 kN
ANc/ANco = (400×600)/(600×600) = 0.667
ψed = 0.7 + 0.3(100/300) = 0.8
Ncb = 0.667 × 0.8 × 141 = 75 kN
```

கம்பி உதவி இல்லாததால் குறைப்புக் கெழு 0.7, ஆக 53 கிலோநியூட்டன்தான். போல்ட்டின் இரும்போ 73 வரை தாங்கும். அதாவது போல்ட் அறுவதற்கு முன்பே கான்கிரீட் பட்டென்று பெயரும், அது எச்சரிக்கை தராத தோல்வி. ஒன்றைக் கவனியுங்கள்: f'c சிலிண்டர் வலிமை. நம்மூர் எம்30 என்பது கியூப் வலிமை, அந்த 30-ஐ அப்படியே போட்டால் கிட்டத்தட்ட 12 சதவீதம் கூடுதலாகக் காட்டும்.

சரி, இந்த 53-ஐ எப்படி ஏற்றுவது? பலரும் முதலில் சொல்வது "விளிம்பிலிருந்து தள்ளி வை" என்பதுதான். 100 மிமீ உள்ளே தள்ளினால் 74 ஆகிறது, இரும்பை ஒட்டி வந்து நிற்கிறது. அதே 100 மிமீயை ஆழத்தில் போட்டால், அதாவது 300 ஆழம், விளிம்பு பழைய 100 என்றால், 85 வருகிறது! விளிம்பு வெட்டு இன்னும் மோசமாகிறதுதான், ஆனாலும் ஆழத்தின் 1.5 அடுக்கு அதை மிஞ்சிவிடுகிறது. பேஸ் பிளேட்டையும் தூணையும் நகர்த்தாமல் முடிகிற வேலை என்பதால், தடிமனான ராஃப்டின் ஒரு பக்கத்து விளிம்பு என்றால் என் ஓட்டு ஆழத்துக்கே. எல்லை உண்டு: ஆழம் விளிம்புத் தூரத்தின் இரண்டரை மடங்கைத் தாண்டினால், தலைக்குப் பக்கத்துக் கான்கிரீட் பக்கவாட்டில் வெடிக்கிறதா என்றும் பார்க்க வேண்டும். சாதாரண அறுகோணத் தலைக்கு அது இங்கே 140 கிலோநியூட்டனில் நிற்கிறது (கெழுவுக்கு முன்). 300 ஆழத்தின் கூம்பு 122, அதனால் தப்பித்தோம். 400-க்குப் போனால் கூம்பு 175 என்று சொல்லும், நிஜத்தில் 140-க்கு மேல் ஏறாது.

இந்த வாதமெல்லாம் தூணைத் தாங்குகிற குட்டைக் கான்கிரீட் பெடஸ்டலில் செல்லாது. 400 மிமீ சதுரம், நாலு போல்ட், எல்லாமே விளிம்பிலிருந்து 100, இடைவெளி 200 என்று எடுங்கள். மூன்று அல்லது அதற்கு மேற்பட்ட விளிம்புகள் ஒன்றரை மடங்குக்குள் இருந்தால், விதி ஆழத்தையே வெட்டுகிறது: விளிம்புத் தூரத்தை 1.5-ஆலும் இடைவெளியை 3-ஆலும் வகுத்து, பெரியதை எடுக்க வேண்டும். இங்கே இரண்டுமே 67 மிமீ. நாலு போல்ட்டும் சேர்ந்து 76 கிலோநியூட்டன், ஒன்றுக்கு 19! போல்ட்டை 200 பதித்தாலும் 600 பதித்தாலும் அதே 76. ஏனென்றால் கூம்பு விரிய இடமே இல்லை, பெடஸ்டலின் குறுக்குவெட்டுதான் உடைகிறது. காற்றுத் தூக்கலுக்குப் போல்ட்டை நீட்டிவிட்டு "போதும்" என்று எழுதிய வரைபடங்களைப் பார்த்திருக்கிறேன், கான்கிரீட் கணக்கில் அந்த நீளத்தால் எந்தப் பயனும் இல்லை.

அங்கேதான் கம்பி. உடையும் பரப்புக்கு மேலும் கீழும் கம்பி முழுதாகப் பிடிமானம் பெற்றால், கூம்பின் வலிமையையே விட்டுவிட்டுக் கம்பியை நம்பலாம். யு வடிவில் வளைத்த ஹேர்பினின் இரண்டு 12 மிமீ கால்கள், எஃப்இ 500, கெழு 0.75 என்றால் 85 கிலோநியூட்டன், ஒரு போல்ட்டுக்குத் தாராளம். ஆனால் காகிதத்தில்தான் இது சுலபம். முதலில் சொன்ன 200 ஆழ போல்ட்டையே எடுங்கள்: போல்ட்டிலிருந்து 75 மிமீ தள்ளி நிற்கிற கம்பியைக் கூம்பு தலையிலிருந்து 50 மிமீ மேலே வெட்டும். அதற்கு மேல் 150, கவர் 40 போனால் 110 மிமீதான் பிடிமானம். கொக்கிக்கே குறைந்தது 150 வேண்டும், உண்மையில் அதைவிடக் கூடுதலாகவே வரும். ஆக 200 ஆழத்தில் ஹேர்பின் போட்டு "ஆங்கர் ரீஇன்ஃபோர்ஸ்மென்ட் உண்டு" என்று எழுதுவது பொய்க்கணக்கு.

பெடஸ்டலில் நிற்கிற நெட்டுக் கம்பிகளையே இதற்குப் பயன்படுத்தலாம், போல்ட்டிலிருந்து ஆழத்தின் பாதிக்குள் இருந்தால். இப்போது நீளமான போல்ட் திரும்பவும் பயனாகிறது, கான்கிரீட்டுக்காக இல்லை, மேலே கம்பிக்குப் பிடிமான நீளம் கிடைக்க.

தளத்தில் இன்னும் ஒன்று. ஆழத்தைப் பேஸ் பிளேட்டிலிருந்தோ கிரவுட் மேலிருந்தோ அளக்காதீர்கள், கான்கிரீட் மேற்பரப்பிலிருந்து தலையின் மேல்முகம் வரை. டெம்ப்ளேட் இல்லாமல் ஊற்றி, முதல் கேஸில் போல்ட் 25 மிமீ விளிம்புப் பக்கம் சாய்ந்து 75-இல் நின்றால், 53 என்பது 48 ஆகிவிடும். ஷட்டர் பிரித்ததும் விளிம்பிலிருந்து டேப் வைத்துப் பார்த்து, கிடைத்த தூரத்துக்கு மறுபடி கணக்குப் போடுங்கள்.