கலியாண வீடியோவுக்கு இறுவட்டா, வன்தட்டா?

யாழ்ப்பாணத்து வெக்கையிலும் ஈரக்காற்றிலும் அலுமாரிக்குள் கிடக்கும் சாதாரண டிவிடி இறுவட்டை, அதன் சாயப்படலம் மங்கிவிடுவதால், 5 முதல் 10 ஆண்டுகளுக்கு மேல் நம்ப இயலாது. இறுவட்டு உள்ளிருந்து வெளிநோக்கி எழுதப்படுகிறது. பழுதோ பெரும்பாலும் வெளிவிளிம்பிலேயே தொடங்குகிறது. ஆகவே நிரம்ப எழுதிய இறுவட்டில் தாலிகட்டு தெளிவாக ஓடி, கடைசியில் வரும் ஆராத்தி மட்டும் திக்கினால், அன்றே பிரதியெடுத்துவிட வேண்டும்.

வன்தட்டு 3 முதல் 5 ஆண்டுகளில் முன்னறிவிப்பின்றியே நின்றுவிடலாம். ஆயினும் முழுக் கோப்பையும் ஒரே மாலையில் புதியதற்கு மாற்றலாம் என்பதால் நான் இதனையே தெரிவுசெய்வேன். 2026இல் வாங்கிய இரண்டு வன்தட்டுகளில் ஒரே கோப்பை இட்டு, ஒன்றை உறவினர் வீட்டில் வைத்து, ஆண்டுதோறும் இரண்டையும் இறுதி நிமிடம்வரை ஓட்டிப் பார்த்து, ஒன்றை 2029இலும் மற்றதை 2031இலும் மாற்றுவது போதுமானது. பென்ட்ரைவில் மின்னூட்டம் மெல்லக் கசிவதால், அது கொண்டுபோய்க் கொடுப்பதற்கு மட்டுமே உரியது.