இழைக் குமிழ்ச் சரமும் எல்.இ.டி. சரமும்: கோயில் களஞ்சியப் பட்டியலில் இரண்டுக்கும் ஒரே கணக்கு ஏன் பொருந்தாது

மலையகத் தோட்டக் கோயில்களின் களஞ்சிய அறைகளில் பழைய இழைக் குமிழ்ச் சீரியல் செட்டுகளும் அண்மைக்காலத்தில் வாங்கிய எல்.இ.டி. செட்டுகளும் பெரும்பாலும் ஒரே பெட்டிக்குள் கிடக்கின்றன. பரிபாலன சபையின் பட்டியலிலும் அவை "சீரியல் லைட் 14" என்று ஒரே வரியில் அடங்கிவிடுகின்றன. எண்ணிக்கை சரியாக இருக்கலாம். ஆனால் தேர்த் திருவிழாவுக்கு முதல் நாள் எது எரியும், எதற்கு என்ன உதிரி வேண்டும் என்பதை அந்த வரி சொல்லாது. இவ்விரு வகைகளும் பழுதாகும் விதமும் சோதிக்கப்படும் விதமும் வேறு என்பதால், பட்டியலில் அவற்றுக்கு வேறு வேறு கணக்கு வேண்டும் என்பதே என் கருத்து.

இழைக் குமிழ்ச் செட்டில் குமிழ்கள் தொடராக இணைக்கப்பட்டிருப்பதால், 230 வோல்ட் மின்னழுத்தத்தை அவை தமக்குள் பங்கிட்டுக் கொள்கின்றன. 40 குமிழ் கொண்ட செட்டில் ஒவ்வொன்றுக்கும் கிடைப்பது 5.75 வோல்ட், அதனால் அதில் 6 வோல்ட் குமிழ்களே பொருத்தப்படுகின்றன. பல செட்டுகளில், குமிழின் இழை அறுந்ததும் அதன் அடியில் சுற்றப்பட்டுள்ள மெல்லிய மாற்றுக் கம்பி முழு மின்னழுத்தத்தையும் ஏற்று மின்னோட்டத்துக்கு வழிவிடும். அந்த ஒரு குமிழ் அணைந்திருக்க, மற்றவை தொடர்ந்து எரியும். பார்ப்பவர் "ஒன்றுதானே போயிற்று" என்று விட்டுவிடுவார். ஆனால் அணைந்த குமிழின் பங்கை மிஞ்சியவை சுமக்கின்றன. மின்னழுத்தம் சற்றே கூடினாலும் இழைக் குமிழின் ஆயுள் பெரிதும் குறைந்துவிடும். 5 சதவீதம் கூடினாலே ஆயுள் ஏறத்தாழப் பாதியாகக் குறையும்.

ஒரு செட்டை எடுத்துக் கணக்குப் பார்ப்போம். மண்டபத்துத் தூணில் சுற்றும் 40 குமிழ்ச் செட்டில் 2 குமிழ் அணைந்தால், மீதி 38 குமிழ்களுக்கும் தலைக்கு 6.05 வோல்ட் கிடைக்கும். ஆயுள் பாதியாகிவிட்டது. அவற்றை மாற்றாமல் மடித்து வைத்து, அடுத்த விழாவில் மேலும் 2 அணைந்தால், 36 குமிழ்களுக்கும் 6.39 வோல்ட், இப்போது ஆயுள் நான்கில் ஒரு பங்கு. அதன்பின் ஒரே இரவில் அடுத்தடுத்துப் பல குமிழ்கள் போவதற்குத் தரக்குறைவான செட் காரணமல்ல. முன்பு மாற்றாமல் விட்ட நான்கு குமிழ்களே காரணம். ஆகவே இழைக் குமிழ்ச் செட்டின் பட்டியல் வரியில் மொத்தக் குமிழ் எண்ணிக்கையோடு, எரியவைத்து எண்ணிய அணைந்த குமிழ்களின் எண்ணிக்கையும் இருக்க வேண்டும். ஒரு வரி இப்படி அமையலாம்: "இ-7, மண்டபத் தூண், குமிழ் 40, 6 வோல்ட், அணைந்தவை 2, மாற்றியவை 2, கையிருப்பு உதிரி 5."

உதிரிக் குமிழ்களையும் செட் எண்ணோடு சேர்த்தே பையிலிட்டு எழுத வேண்டும். 20 குமிழ்ச் செட்டுக்குரியது 12 வோல்ட் குமிழ். அதன் அடிப்பகுதி மற்றச் செட்டின் குழியில் பொருந்தினாலும் அது அங்கே உரியதல்ல. குறைந்த மின்னோட்டத்துக்கென அமைந்த குமிழைக் கூடிய மின்னோட்டம் ஓடும் செட்டில் செருகினால், அது சற்றே பிரகாசமாக எரிந்து உடனே போய்விடும். சில செட்டுகளில் நுனியில் வெள்ளைப் பூச்சிட்ட குமிழ் ஒன்று இருக்கும். அதில் மாற்றுக் கம்பி கிடையாது. மின்னோட்டம் மிகும்போது தான் அறுந்து செட்டைக் காப்பதே அதன் வேலை. அந்த இடத்தில் சாதாரணக் குமிழைப் போடுவது காவலை அகற்றுவதாகும் என்பதால், அதற்கான உதிரியைத் தனியாகக் குறிக்க வேண்டும்.

எல்.இ.டி. செட்டில் இந்தக் கணக்கு பயன்படாது. அநேகமானவற்றில் குமிழைக் கழற்றி மாற்ற முடியாது; எனவே உதிரிக் குமிழ் என்ற நிரலே அங்கு வெறுமையாக இருக்கும். அதற்குப் பதிலாக, சரம் எத்தனை பகுதிகளாக எரிகிறது, எந்தப் பகுதி இருண்டது என்பதை எழுத வேண்டும். தனியொரு குமிழ் மட்டும் அணைந்து அதன் பகுதி எரிந்தால், அந்தக் குமிழுக்குள் குறுக்குச் சுற்று ஏற்பட்டு மின்னோட்டம் அதனூடே போகிறது என்று பொருள். அதனோடு செட்டை ஓரளவு காலம் பயன்படுத்தலாம். ஒரு பகுதி முழுவதும் இருண்டால், எங்கோ தொடர்பு அறுந்திருக்கிறது. நுவரெலியா, தலவாக்கலை போன்ற ஈரமான இடங்களில் இதன் காரணம் பெரும்பாலும் குமிழின் இரும்புக் கால் துருப்பிடித்து ஒடிவதுதான். குமிழின் கழுத்துறையை மெல்ல விலக்கிப் பார்த்தால் கபில நிறத் துருவும், செப்புக் கம்பியில் பச்சைப் படிவும் தெரியும். வயரை அசைக்கும்போது ஒரு பகுதி மினுங்கி மினுங்கி அணைந்தால், அது ஒடிவதற்கு முந்திய நிலை. அந்தச் செட்டைப் பட்டியலில் "உள்ளே மட்டும்" என்று குறித்துவிட வேண்டும்; மழையில் நிற்கும் பந்தலுக்கு அது ஆகாது. அடாப்டரோடு வரும் செட்டாயின் அடாப்டரைச் செட்டோடு கட்டி, இரண்டுக்கும் ஒரே எண்ணை எழுத வேண்டும். செருகி பொருந்துகிறது என்பதற்காக வேறொரு செட்டின் அடாப்டரைக் கொடுத்தால் முழுச் சரமும் ஒருமிக்கப் பழுதாகலாம்.

சோதனையில்தான் வேறுபாடு மிகத் தெளிவாகிறது. இழைக் குமிழ்ச் செட்டின் பிளக்கைச் சுவரிலிருந்து பிடுங்கி, அந்தப் பிளக்கின் இரு மின்முனைகளிலும் மல்டிமீட்டரை வைத்தால், நல்ல செட் சில நூறு ஓம் அளவில் தடையைக் காட்டும். எல்.இ.டி. செட்டில் அதே சோதனை எதையும் காட்டாது. தொடரில் உள்ள குமிழ்களை இயக்க மீட்டரின் சிறிய மின்கலம் போதாது. மீட்டர் அசையவில்லை என்று நல்ல எல்.இ.டி. செட்டை ஒதுக்கிவிடக் கூடாது. அதை எரியவைத்தே பார்க்க வேண்டும். இழைக் குமிழ்ச் செட்டில், மாற்றுக் கம்பி வேலை செய்யாத நிலையில் அறுந்த குமிழைத் தேடும்போதும், குமிழைக் கழற்றும்போதும், பிளக்கைக் கட்டாயம் பிடுங்க வேண்டும். வெறுமையான அந்தக் குழியில் 230 வோல்ட் முழுவதும் நிற்கும்.

பியூஸ் விடயத்தில் இரண்டுக்கும் ஒரே விதிதான். 40 குமிழ் இழைச் செட் ஏறத்தாழ 18 வாட் எடுக்கும். ஆறு செட்டை ஒரே பிளக்கில் இணைத்தாலும் அரை அம்பியர் அளவே ஆகும். எல்.இ.டி. செட்டுக்கு அதைவிட மிகக் குறைவு. எனவே சதுர முள் பிளக்கில் சிவப்புக் குறியுள்ள 3 அம்பியர் பியூஸே போதும். கபிலக் குறியுள்ள 13 அம்பியர் பியூஸ், வயர் சூடேறி உருகும்வரை அசையாமல் இருக்கக்கூடியது. பட்டியலில் ஒவ்வொரு பிளக்குக்கும் நேரே பியூஸின் அளவையும், கையிருப்பிலுள்ள மேலதிகப் பியூஸ் ஒன்றையும் எழுதுவது போதுமானது. பியூஸ் போனால் அந்தத் திகதியையும் குறிக்க வேண்டும். இவ்வளவு சிறிய சுமையில் பியூஸ் போகிறது என்றால் எங்கோ வயர் கடிபட்டிருக்கிறது அல்லது நீர் புகுந்திருக்கிறது. காரணம் தெரியாமல் இரண்டாவது பியூஸைப் போடக் கூடாது.

எதை வாங்குவது என்று கேட்டால், மழை படும் பந்தலுக்கும் கோபுரத்துக்கும் எல்.இ.டி.யையே சொல்வேன், அணைந்த குமிழ்களை எண்ணி மாற்றப் பொறுப்பான ஒருவர் கோயிலில் இருந்தால், உள்மண்டபத்து இழைக் குமிழ்ச் செட்டுகளை வைத்திருப்பதில் தவறில்லை. தோரணம், துணி, காகிதக் கூடு முதலியவற்றுக்கு எண்ணிக்கையும் பெட்டி இலக்கமும் போதும். இரு வகைச் செட்டுகளையும் விழா முடிந்ததும் எரியவைத்துப் பார்த்து, இரண்டொரு நாள் கூரைக்குக் கீழே காற்றில் உலரவிட்டு, தகரப் பெட்டியைத் தவிர்த்துப் பிளாஸ்டிக் பெட்டியில் வைப்பது நல்லது. ஈரக்காற்றோடு மூடிய தகரம் குளிர் இரவில் உட்புறம் வியர்க்கும். அடுத்த சோதனை தீபாவளிக்கு இரண்டு கிழமை முன்பு அமைய வேண்டும். ஐப்பசி மழையில் ஹட்டன் டவுனுக்குப் போய்ப் பியூஸும் குமிழும் வாங்கிவர அந்த அவகாசம் தேவைப்படும்.