கணக்கு எண் மாறியது என்று மெயில் வந்தால் பணம் அனுப்பாதீர்கள், முதலில் போன் போடுங்கள்

4 லட்சத்து 80 ஆயிரம் போயிருக்கிறது. கை இன்னும் நடுங்குகிறது, ஆனாலும் சூட்டோடு எழுதிவிடுகிறேன்.

எங்கள் கம்பெனி வங்கியை மாற்றியது. எங்களுக்குப் பணம் தர வேண்டிய சப்ளையர்கள் எல்லோருக்கும் லெட்டர்ஹெட்டில் புதுக் கணக்கு எண்ணைப் போட்டு, கையெழுத்து, முத்திரையோடு மெயில் அனுப்பினோம். அதில் ஒருவர், நாங்கள் திருப்பி அனுப்பிய சரக்குக்கு அட்வான்ஸைத் திரும்பத் தர வேண்டியவர். 4 லட்சத்து 80 ஆயிரம்.

இரண்டு நாள் கழித்து அவருக்கு இன்னொரு மெயில் போயிருக்கிறது: "முந்தைய கடிதத்தில் கணக்கு எண் தவறாக அச்சாகிவிட்டது, திருத்திய கடிதம் இணைப்பில்." அதே லெட்டர்ஹெட், அதே முத்திரை, கீழே எங்கள் பழைய மெயில்கள் வரிசையாக அப்படியே. அனுப்பிய முகவரியில் மட்டும் எங்கள் பெயரில் m இருக்க வேண்டிய இடத்தில் rn. திரையில் இரண்டும் ஒன்றுபோலத்தான் தெரியும். கடிதத்தில் 'சந்தேகம் இருந்தால் அழைக்கவும்' என்று ஒரு நம்பர். அவர்கள் கணக்காளர் அந்த நம்பருக்கே அழைத்திருக்கிறார்! எடுத்தவன் "ஆமாம் சார், புது எண்தான் சரி" என்றிருக்கிறான். பணம் போய்விட்டது.

அப்புறம் பார்த்தால், அந்தக் கணக்காளரின் மெயில்பெட்டியில் யாரோ ஒரு ரூல் போட்டு வைத்திருக்கிறார்கள். எங்களிடமிருந்து வரும் மெயிலெல்லாம் வெளி முகவரி ஒன்றுக்கும் நகல் போகும்படி.

கேட்டால் சப்ளையர், "உங்கள் கடிதத்தில் இருந்த கணக்குக்குத்தான் போட்டோம், எங்கள் பக்கம் முடிந்தது" என்கிறார். அவர் வங்கி, "கணக்கு எண் சரியாக இருந்தது, பரிமாற்றம் வெற்றி" என்கிறது. பெயர் பொருந்துகிறதா என்று பார்க்கவே இல்லையாம், எண்ணை வைத்தே பணம் போய்ச் சேர்ந்துவிட்டது. பணம் போன வங்கிக்கு எழுதினால், "நீங்கள் எங்கள் வாடிக்கையாளர் இல்லை, அனுப்பியவர்தான் புகார் தர வேண்டும்." அனுப்பியவரோ முடிந்தது என்கிறார். இதற்குள் அந்தக் கணக்கைத் துடைத்து எடுத்துவிட்டார்கள். 4 லட்சத்து 80 ஆயிரம், யாருக்கும் கவலையில்லை.

அவசரமாகச் சொல்கிறேன். கடிதத்தில் இருக்கும் நம்பருக்கு அழைக்காதீர்கள். பழைய ஒப்பந்தத்திலோ பழைய பில்லிலோ உள்ள நம்பரில், உங்களுக்குக் குரல் தெரிந்தவரிடம் கேளுங்கள். எண்ணை நீங்கள் படிக்காதீர்கள், அவரைச் சொல்ல வைத்து ஒப்பிடுங்கள். முதலில் சின்னத் தொகை அனுப்பி, வந்ததா என்று அதே பழைய நம்பரில் கேட்டுவிட்டு மீதியை அனுப்புங்கள்.

கணக்கு மாற்றுகிற கம்பெனிக்காரர்களே, "இதில் திருத்தம் எதையும் மெயிலில் அனுப்ப மாட்டோம்" என்று அந்தக் கடிதத்திலேயே எழுதுங்கள். பழைய கணக்கை உடனே மூடாதீர்கள்.

பணம் போய்விட்டது என்று தெரிந்தால், அனுப்பியவர் அந்த மணி நேரத்திலேயே தன் வங்கியின் மோசடிப் பிரிவை அழைத்துத் தொகையைத் திரும்பக் கேட்க வேண்டும். எங்கள் சப்ளையர் அதைச் செய்ய மறுநாள் மதியம் ஆனது.