மூன்று வருடமாக டெபனிஷன் ஆஃப் ரெடி: ஒரு வரி மட்டும் இன்னும் உறுத்துகிறது

முன்பு என்னோடு வேலை பார்த்த நண்பர் ஒருவர் போன வாரம் கேட்டார்: "உங்க டீம்ல டெபனிஷன் ஆஃப் ரெடி வச்சிருக்கீங்களே, உண்மையிலேயே பயன் இருக்கா? எங்ககிட்டயும் கொண்டுவரலாம்னு பேச்சு ஓடுது." போனில் ஏதோ சொல்லி முடித்துவிட்டேன். சொன்னது சரியில்லை என்று அப்புறம் தோன்றியது. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

டெபனிஷன் ஆஃப் ரெடி என்பது, ஒரு வேலையைக் கையில் எடுக்கும் முன் அதில் என்னென்ன இருக்க வேண்டும் என்று டீம் வைத்துக்கொள்ளும் பட்டியல். எங்கள் பட்டியலில் புதுமை எதுவும் இல்லை. வேலை யாருக்காக, எதற்காக என்று ஒரு வரி வேண்டும். அக்செப்டன்ஸ் கிரைட்டீரியா இருக்க வேண்டும். ஸ்பிரிண்டுக்குள் முடிகிற அளவாக இருக்க வேண்டும். திரை மாறினால் அதன் டிசைன் வேண்டும். மற்ற டீம்களைச் சார்ந்தது என்னென்ன என்று தெரிந்திருக்க வேண்டும். இவை தேறினால்தான் டிக்கெட் பிளானிங்குக்கு வரும். 2020-ல் வந்த ஸ்க்ரம் கைடில் டெபனிஷன் ஆஃப் டன் உண்டு, டெபனிஷன் ஆஃப் ரெடி என்ற பெயரே கிடையாது. ஒரு ஸ்பிரிண்டுக்குள் முடிக்கக்கூடிய வேலை 'ரெடி' என்று மட்டும்தான் அதில் இருக்கிறது. மீதியெல்லாம் டீம்கள் தாங்களாகச் சேர்த்துக்கொண்டவை.

முதலில் நல்லதைச் சொல்லிவிடுகிறேன். முதல் வருட முடிவில் பட்டியலில் ஒரு வரி சேர்த்தோம்: 'உண்மையான எண்களோடு ஓர் உதாரணம் இருக்க வேண்டும்.' அது எவ்வளவு வேலை செய்யும் என்று அப்போது எனக்குத் தெரியாது.

'ஆர்டரில் ஒரு பொருளை மட்டும் திருப்பினால் பணம் திரும்பத் தர வேண்டும்' என்று ஒரு டிக்கெட் வந்தது. படித்தால் எல்லாருக்கும் புரிகிறது. டெஸ்டர் ஓர் உதாரணம் எழுதினார். 400, 350, 250 விலையில் மூன்று பொருட்கள், மொத்தம் 1000. பத்து சதவீத கூப்பன், ஆகவே வாடிக்கையாளர் கட்டியது 900. 250 ரூபாய்ப் பொருள் திரும்பி வருகிறது. அதன் பங்கு தள்ளுபடியைக் கழித்து 225 தர வேண்டும் என்று நான் சொன்னேன். டெஸ்டர் தயங்கினார். "இந்தக் கூப்பனுக்கு குறைந்தபட்சம் 900-க்கு வாங்கணுமே. மிச்சம் 750-தான் இருக்கு. அப்போ கூப்பன் செல்லாது. 750 போக 150-தான தரணும்?"

இரண்டு பேருமே அந்த டிக்கெட்டைப் படித்து 'புரிகிறது' என்று தலையாட்டியவர்கள். 225-ஆ 150-ஆ என்பது கோடு எழுதுகிறவர் முடிவு செய்யும் விஷயமில்லை. ப்ராடக்ட் ஓனர் யோசித்து 225 என்றார். பத்து நிமிடம்கூட ஆகவில்லை. அந்த வரி இல்லாவிட்டால் நான் 225 என்று எழுதியிருப்பேன், டெஸ்டர் ஸ்பிரிண்டின் எட்டாம் நாள் 150 வரவில்லை என்று பக் போட்டிருப்பார். பட்டியலில் ஒன்றை மட்டும் வைத்துக்கொள்ளலாம் என்றால் நான் இதைத்தான் எடுப்பேன்.

இனி உறுத்துகிற வரிக்கு வருகிறேன். அது 'மற்ற டீம்களைச் சார்ந்தவை கண்டறியப்பட்டுள்ளன' என்ற வரி.

அதே டிக்கெட்தான். பணத்தைத் திருப்பி அனுப்பும் ஏபிஐ பேமெண்ட் டீமுடையது. ரிஃபைன்மென்டில் அவர்களுடைய டிக்கெட்டை லிங்க் செய்தோம். அது அவர்கள் போர்டில் முடிந்ததாக இருந்தது, டாக்குமெண்டிலும் 'பாதித் தொகை அனுப்பலாம்' என்று இருந்தது. டிக் போட்டோம். பத்து வேலை நாள் ஸ்பிரிண்டில் நான்காம் நாள், அவர்களுடைய டெஸ்ட் சூழலில் நான் முயன்று பார்த்தது இது:

```
POST /refunds  amount=225  -> 201
POST /refunds  amount=360  -> 409
```

முதல் பொருளுக்குப் பணம் போகிறது. அதே வாடிக்கையாளர் பிறகு 400 ரூபாய்ப் பொருளையும் திருப்பினால், 360 போக மறுக்கிறது. ஒரு கட்டணத்துக்கு ஒரு முறைதான் பாதித் தொகை அனுப்பலாம் என்று அவர்கள் கட்டியிருக்கிறார்கள். டாக்குமெண்டில் இருந்ததும் பொய்யில்லை, நாங்கள் போட்ட டிக்கும் பொய்யில்லை. சார்பு இருக்கிறது என்று கண்டறிந்திருந்தோம், அது வேலை செய்கிறதா என்று பார்க்கவில்லை. மீதி ஆறு நாளும் டிக்கெட் பிளாக்கான நிலையிலேயே கிடந்தது.

கோபத்தில் அந்த வரியை மாற்றினோம். 'வெளி ஏபிஐ இருந்தால், எங்கள் டீமில் ஒருவர் உதாரணத்தில் உள்ள எண்களை வைத்து அதை அழைத்து, வந்த பதிலை டிக்கெட்டில் ஒட்ட வேண்டும்.' லிங்க் போதாது, அவர்கள் வாய்வார்த்தையும் போதாது. ஸ்பிரிண்டுக்குள் மாட்டிக்கொள்ளும் டிக்கெட்டுகள் உடனே குறைந்தன. மூன்று நான்கு ஸ்பிரிண்ட் தொடர்ந்து எடுத்ததையெல்லாம் முடித்தோம். ரெட்ரோவில் எல்லாருக்கும் சந்தோஷம்.

அப்புறம்தான் பேக்லாகைப் பார்த்தேன். ரெடி ஆகாமல் பதினோரு டிக்கெட். அதில் ஏழு, யாரோ ஒருவருடைய டெஸ்ட் சூழல் வேலை செய்யாததால் நிற்கின்றன. முன்பு ஸ்பிரிண்டுக்குள் சிவப்பாகத் தெரிந்த காத்திருப்பு இப்போது ஸ்பிரிண்டுக்கு வெளியே போய்விட்டது. அங்கே தினமும் அதைப் பற்றிக் கேட்க ஆளில்லை, சார்ட்டும் இல்லை. இரண்டாம் பொருளுக்குப் பணம் கேட்டுக் காத்திருக்கும் வாடிக்கையாளருக்கு எங்கள் டிக்கெட் எந்தப் பெட்டியில் இருந்தால் என்ன? அவர் காத்திருந்த நாட்களில் ஒரு நாள்கூடக் குறையவில்லை. சிவப்பு மட்டும்தான் கண்ணில் படாமல் போனது.

இதில் எனக்கு இன்னும் ஆற்றாமை இருக்கிறது. முன்பெல்லாம் பிளாக் ஆனால் நான் பேமெண்ட் டீம் ஆளிடம் போய் உட்கார்ந்து கேட்பேன். பட்டியல் வந்த பிறகு "இன்னும் ரெடி ஆகலை" என்று சொல்லிவிட்டு அடுத்த டிக்கெட்டுக்குப் போகப் பழகிவிட்டோம். போன மாதம் பேமெண்ட் டீம்காரர் ஒருவர் எங்கள் கேள்வியை இரண்டே வரியில் தீர்த்துவைத்தார். நாங்கள் அதைக் கேட்கவே ஐந்து வாரம் ஆகியிருந்தது.

அதனால் நண்பருக்கு என் பதில்: இப்போதைக்கு வைக்க வேண்டாம். எண்களோடு உதாரணம் எழுதும் பழக்கத்தை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள், அதற்குப் பட்டியல் தேவையில்லை. உங்கள் வேலையில் பாதி இன்னொரு டீமை நம்பி இருக்கிறது என்று நீங்களே சொன்னீர்கள். அப்படியிருக்க வாசலில் ஒரு கதவைப் போட்டால், மாட்டிக்கொண்டவை கதவுக்கு வெளியே சேரும். எங்கள் பட்டியலை எடுத்துவிடலாமா என்று நாளைக்கு யாராவது கேட்டால் நான் ஒப்புக்கொள்ள மாட்டேன், அதுவும் உண்மைதான். 225-ஐயும் 150-ஐயும் பார்த்த பிறகு பழையபடி வேலை செய்ய எனக்கு மனம் வராது.

இந்த ஸ்பிரிண்டிலிருந்து ஒரு மாற்றம் செய்திருக்கிறோம். ரெடி ஆகாத ஒவ்வொரு டிக்கெட்டிலும் மற்ற டீமிடம் முதலில் கேட்ட தேதியையும், கேட்டவர் பெயரையும் எழுதுகிறோம். தினசரி ஸ்டாண்டப்பில் ஸ்பிரிண்ட் போர்டைத் திறப்பதற்கு முன்னால் இதைத்தான் திறக்கிறோம். 360 டிக்கெட்டில் என் பெயர் இருக்கிறது. இன்றைக்கு முப்பத்தியிரண்டாம் நாள். மதியம் பேமெண்ட் டீமிடம் போகிறேன்.