மாதிரி நேர்காணல் காணொளிக்கு டெலிப்ராம்ப்டர்: நெடுநாள் பயன்படுத்திய பிறகு

எங்கள் பயிற்சி மையத்து டெலிப்ராம்ப்டரின் கால் பெடல் பழுது பார்க்கப்பட்டு இந்த வாரம் திரும்பி வந்தது. அது இல்லாமல் படம்பிடித்த நாட்களில் இந்தக் கருவியின் குணமும் குறையும் முன்பைவிடத் தெளிவாகத் தெரிந்தன. நேர்காணலுக்குத் தயாராகிறவர்கள் வீட்டிலிருந்தே பார்த்துப் பதில் சொல்லிப் பழகும் மாதிரி நேர்காணல் காணொளிகளுக்கு வசனம் எழுதுபவன் என்ற முறையில் அவற்றைப் பகிர்ந்துகொள்கிறேன். கீழே உள்ள டேப்லெட்டில் ஓடும் வசனம் சாய்ந்த கண்ணாடியில் தெரியும், கண்ணாடிக்குப் பின்னால் உள்ள கேமராவைப் பார்த்தபடியே அதை வாசிக்கலாம் என்பதுதான் இதன் அமைப்பு.

முதலில் நியாயமாகச் சொல்ல வேண்டியது, கேள்வி கேட்கும் இடங்களில் இதற்கு ஈடு இல்லை. பயிற்சியாளர் காகிதத்தைக் குனிந்து பார்த்துக் கேட்டால் பார்ப்பவர் வேடிக்கை பார்ப்பவராகவே இருந்துவிடுகிறார். நேராகக் கண்ணைப் பார்த்து "உங்களைப் பற்றிச் சொல்லுங்கள்" என்று கேட்கும்போதுதான் அவருக்கு நேர்காணல் அறையின் படபடப்பு வருகிறது. ஆனால் பயிற்சியாளர் கருவிக்கு மிக அருகில் உட்கார்ந்தால் கருவிழி இடமும் வலமும் ஓடுவது படத்தில் பதிந்துவிடும். கேமராவை இரண்டு மீட்டருக்கு மேல் தள்ளிவைத்து, எழுத்துப் பத்தியைக் குறுக்கினால் அது மறைகிறது. பத்தியைக் குறுக்கினால் தமிழில் நீண்ட சொற்கள் நடுவில் உடைந்து அடுத்த வரிக்குப் போய்விடும் என்பதால், மூச்சு விடும் இடம் பார்த்து ஒவ்வொரு வரியையும் நானே முறித்து எழுதுகிறேன்.

என்னைத் தொடர்ந்து எரிச்சலூட்டுவது, இந்தக் கருவிக்கு மௌனம் தெரியாது என்பதுதான். மாதிரி நேர்காணல் காணொளியின் உயிரே கேள்விக்குப் பின் வரும் இடைவெளியில் இருக்கிறது. பார்ப்பவர் தன் வீட்டில் உட்கார்ந்து வாய்விட்டுப் பதில் சொல்வதற்காக, பயிற்சியாளர் ஏறத்தாழ ஒரு நிமிடம் பேசாமல் கேட்டுக்கொண்டிருக்க வேண்டும். எங்களிடம் உள்ள செயலியில் எழுத்து ஒரே வேகத்தில் மேலே நகர்ந்துகொண்டே இருக்கும். வெற்று வரிகளை விட்டு இடைவெளி உண்டாக்கலாம் என்றால், வேகத்தைச் சற்று மாற்றினாலே அந்தக் கணக்கு முழுவதும் தவறிவிடுகிறது. அதைவிட மோசமானது, அடுத்த வரி எப்போது ஏறிவரும் என்று பயிற்சியாளரின் கண் திரையின் அடியிலேயே காத்துக்கிடப்பது. அப்போது அவர் முகம் கேட்பவரின் முகமாக இருப்பதில்லை. ஏற்கெனவே பயந்திருக்கும் பிள்ளைகள் அந்த உறைந்த முகத்தைப் பார்த்து, தாம் தவறாகச் சொல்லிவிட்டதாகவே எடுத்துக்கொள்கிறார்கள். கால் பெடல் இருந்தால் பயிற்சியாளரே ஓட்டத்தை நிறுத்திவிடலாம். அது பழுதாகியிருந்தபோது இன்னொருவர் டேப்லெட்டைத் தொட்டு நிறுத்த வேண்டியிருந்தது. அவர் ஒரு கணம் தாமதித்தாலும் அடுத்த வரி கண்முன் வந்து நின்றது. இப்போது இடைவெளி வரும் இடத்தில், "கேட்டுக்கொண்டிருக்கவும், ஒருமுறை தலையசைக்கவும்" என்று வேறு நிறத்தில் எழுதிவைக்கிறேன்.

அந்த மௌனத்துக்குப் பிறகு வரும் ஆறுதல் வார்த்தைகளில்தான் கருவி முற்றிலும் தோற்றது. முதலில் நாங்கள் வைத்திருந்த வசனம் இது: "பதற்றப்பட வேண்டாம். தன்னம்பிக்கையுடன் இருங்கள். நீங்கள் நிச்சயம் வெற்றி பெறுவீர்கள்." பயப்படுகிறவரிடம் பயப்படாதே என்பதால் பயம் போவதில்லை, வெற்றியை வாக்களிக்கும் உரிமையும் நமக்கு இல்லை. ஆகவே அந்த இடத்தில் அவர் செய்யக்கூடியது என்ன என்பதை மட்டும் சொல்லும்படி மாற்றினேன்: "கை நடுங்குதா? நிறைய பேருக்கு அப்படித்தான் இருக்கும். கேள்வி சரியா காதுல விழலைன்னா, 'இன்னொரு தடவை சொல்றீங்களா சார்'னு கேளுங்க. பதில் உடனே வரலைன்னா, 'ஒரு நிமிஷம் யோசிச்சுச் சொல்றேன்'னு சொல்லுங்க."

இதைப் பேச்சு வழக்கிலேயே திரையில் ஏற்றியபோது, "விழலைன்னா" போன்ற எழுத்துக்கூட்டுக்குப் பழகாத பயிற்சியாளர் தடுமாறினார். எழுத்து வழக்கில் ஏற்றினால் செய்தி வாசிப்பதுபோல் ஒலித்தது. கடைசியில் அந்தப் பகுதிக்கு "நடுக்கம்", "மறுபடி கேட்கலாம்", "யோசிக்க நேரம்" என்ற மூன்று குறிப்புகளை மட்டும் திரையில் நிறுத்திவைத்து, மீதியை அவரையே பேசச் சொன்னோம். ஒவ்வொரு டேக்கிலும் சொற்கள் மாறுவதால் எடிட்டிங்கில் ஒட்டுவது சிரமம். ஆனாலும் எதிரில் ஒருவர் உட்கார்ந்திருப்பதுபோல அவர் பேசியது அப்போதுதான்.

கேள்வி கேட்கும் இடங்களில் இதைப் பாராட்டிய பிறகும், இந்த வகைக் காணொளிக்கென்றே இதை வாங்க எண்ணுபவர்களிடம் வேண்டாம் என்றே சொல்வேன். நான்கைந்து கேள்விகளைப் பெரிய எழுத்தில் அட்டையில் எழுதி, லென்ஸை ஒட்டி ஒருவர் பிடித்துக்கொண்டால் போதும். மௌனம் முடியும்வரை அட்டை நகராது. அந்தப் பணத்தில் நல்ல காலர் மைக் வாங்குங்கள். ஆறுதல் சொல்லும் இடத்தில் பயிற்சியாளர் இயல்பாகவே குரலைத் தாழ்த்துவார். கேமராவோடு வரும் மைக் இரண்டு மீட்டர் தள்ளியிருந்து அதைப் பிடிப்பதில்லை.