கி கி கி, மா மா மா: அது இசையா, எஃபெக்டா?

போன மாதம் புக்கிட் மெர்தாஜாமில் அக்கா வீட்டில் பழைய பேய்ப்படப் பேச்சு. 1980-இல் வந்த ‘ஃப்ரைடே தி தேர்ட்டீன்த்’ படத்தில் காட்டுக்குள் “கி கி கி, மா மா மா” என்று ஒரு கிசுகிசுப்பு வருமே, அது எஃபெக்ட்தான் என்றார் அத்தான். எனக்கும் அப்படித்தான் பட்டது. `whisper sound effect` என்று தேடியே இரண்டு இரவு போனது. கிடைத்ததெல்லாம் பின்னாளில் யாரோ செய்த நகல்கள்.

முணுமுணுக்க முடிந்தால் இசை, முடியாவிட்டால் எஃபெக்ட் என்று பலர் பிரிப்பார்கள். இங்கே அது உதவாது. நான் நம்புவது வேறொன்றை: ஒரு காட்சியிலிருந்து வெட்டி அடுத்ததற்குத் தாவும்போது அந்தச் சத்தம் என்ன ஆகிறது? கதவு கிறீச்சிடுவது எஃபெக்ட் என்றால், கேமரா வெளியே போனதும் மங்கும், எட்டக் கேட்கும். இசைக்கு அந்தக் கவலை இல்லை. முகத்தின் அருகிலிருந்து மரங்களுக்குத் தாவினாலும் அதே அளவில் ஓடும், படத்தில் இருப்பவர் யாரும் திரும்பிப் பார்க்கமாட்டார். மழை, பூச்சிச் சத்தமும் வெட்டைத் தாண்டும் என்பதால், இடமே மாறும் வெட்டாகப் பார்த்துச் சோதிக்க வேண்டும்.

அந்தக் கிசுகிசுப்பை இப்படிக் கேட்டபோது சந்தேகம் தீர்ந்தது. கொலைகாரரின் பார்வையில் காட்சி வரும்போது அது கேட்கிறது, பாத்திரங்கள் யாருக்கும் கேட்பதில்லை. உடனே தேடலை மாற்றினேன்:

```
"Friday the 13th" 1980 score composer
```

சில நிமிடங்களில் விடை. இசையமைப்பாளர் ஹாரி மன்ஃப்ரெடினி, “கில் ஹெர், மம்மி” என்பதில் இருந்து ‘கி’, ‘மா’ இரண்டையும் எடுத்து, தானே மைக்கில் சொல்லி, எக்கோபிளெக்ஸ் என்ற டேப் எதிரொலிக் கருவி வழியாக விட்டிருக்கிறார்.

எஃபெக்ட் பக்கமும் ஏமாற்றும். ஹிட்ச்காக்கின் ‘தி பேர்ட்ஸ்’ (1963) படத்தில் பெர்னார்ட் ஹெர்மன் பெயர் வருகிறது, அவரோ பெரிய இசையமைப்பாளர். ஆனால் அதில் பின்னணி இசையே இல்லை, அவர் ஒலி ஆலோசகர். பறவைச் சத்தங்களில் பல, ஆஸ்கர் சாலா டிராட்டோனியம் என்ற மின்னணுக் கருவியில் உண்டாக்கியவை. சவுண்ட்டிராக் ஆல்பம் தேடினால் கையில் எதுவும் வராது, ஒலிக்குழுவின் பெயர்களைத்தான் பிடிக்க வேண்டும்.

எது என்று தெரியாதபோது நான் முதலில் இசைப் பக்கம்தான் போவேன். இசைக்குத் தலைப்பும் நேரமும் போட்ட ஆல்பம் பெரும்பாலும் இருக்கும். எஃபெக்டோ பல பதிவுகளை அடுக்கிச் செய்வது, தனிப் பெயர் அரிதாகத்தான் இருக்கும். தமிழ்ப் படங்களில் இதை நான் இரண்டு மூன்று தடவைதான் செய்து பார்த்திருக்கிறேன், அதனால் அங்கே இந்த வரிசை எவ்வளவு சரிவரும் என்று அடித்துச் சொல்லமாட்டேன்.

அத்தானுக்கு அன்றிரவே செய்தி அனுப்பினேன். இப்போது அவர் ‘மா’வை மட்டும் தனியாகக் கேட்டுக்கொண்டிருக்கிறார்.